புதிய வலைப்பூவை ஆட்சென்ஸ் ஒப்புதலுக்கு ஆயத்தப்படுத்துதல்

ஆட்சென்ஸ் ஒப்புதல் என்பது, ஒரு வலைப்பூவில் விளம்பரங்களைக் காட்டி வருவாய் ஈட்ட கூகுள் நிறுவனம் அளிக்கும் அனுமதியாகும். கூகுள் ஆட்சென்ஸ் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விளம்பரச் சேவை. தமிழ் மொழித் தளங்களுக்கு இச்சேவை 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதப்பட்ட வலைப்பூக்கள் இதில் சேர வழியில்லாமல் இருந்தது.

புதிதாக விண்ணப்பிப்பவர்களில் பலர் முதல் முறை மறுப்பைப் பெறுகின்றனர். தேவையான பக்கங்கள் இல்லாததே இதற்குக் காரணம் எனப் பொதுவாக எண்ணப்படுகிறது. எனவே நான்கைந்து பக்கங்களை எங்கிருந்தாவது நகலெடுத்துச் சேர்த்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கிறார்கள். மீண்டும் அதே மறுப்பு வருகிறது. விதிமுறைப்படி கட்டாயமான பக்கம் தனியுரிமைக் கொள்கை ஒன்றே. மறுப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது உள்ளடக்கம்: வேறெங்கும் கிடைக்கும் செய்தியையே வலைப்பூ திரும்பச் சொல்வது. இக்கட்டுரை பக்கங்கள், உள்ளடக்கம் ஆகிய இரண்டையும் எவ்வாறு ஒழுங்குசெய்வது என்பதை, பிளாக்கர் தளத்தில் நடத்தப்படும் தமிழ் வலைப்பூ ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

அடிப்படைத் தகுதிகள்

விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த மாணவர் தம் பெயரில் கணக்குத் தொடங்க இயலாது. பெற்றோர் அல்லது பாதுகாவலர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்கு மட்டுமே அனுமதிக்கப்படும். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டதும் வேறொரு மின்னஞ்சலில் அதே பெயருடன் இரண்டாவது கணக்குத் தொடங்கினால், இரட்டைக் கணக்கு என்ற புதிய சிக்கல் உருவாகும்.

வலைப்பூவின் எச்.டி.எம்.எல். நிரலை மாற்றும் உரிமை விண்ணப்பிப்பவருக்கு இருக்க வேண்டும். பிளாக்கரில் இவ்வுரிமை உண்டு. மேலும் `blogspot.com` என முடியும் இலவச முகவரியிலேயே விண்ணப்பிக்கலாம். சொந்த டொமைன் பெயர் வாங்குவது கட்டாயமில்லை.

குறைந்தது 30 பதிவுகள் வேண்டும், ஒவ்வொன்றும் 1000 சொற்கள் இருக்க வேண்டும், நாளொன்றுக்கு 100 வாசகர்கள் வர வேண்டும் என்றெல்லாம் இணையத்தில் சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட எண்ணிக்கை எதையும் ஆட்சென்ஸ் விதிகள் குறிப்பிடவில்லை. தளத்திற்கு ஆறு மாத வயது வேண்டும் என்ற கருத்துக்கு மட்டும் ஓர் அடிப்படை இருந்தது. இந்தியா, சீனா போன்ற சில நாடுகளின் தளங்களுக்கு அத்தகைய நிபந்தனை முன்பு உதவிப் பக்கங்களில் இடம்பெற்றிருந்தது. எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பதிவுகளைப் பெருக்குவது பெரும்பாலும் தீங்காகவே முடிகிறது. அவசரத்தில் எழுதப்படும் பதிவுகள் மெலிந்து, நல்ல பதிவுகளின் மதிப்பையும் குறைத்துவிடுகின்றன.

தனியுரிமைக் கொள்கைப் பக்கம்

விளம்பரங்கள் காட்டப்படும்போது வாசகரின் உலாவியில் குக்கி எனப்படும் சிறு கோப்பு பதியப்படுகிறது. வாசகர் முன்பு எந்தத் தளங்களுக்குச் சென்றார் என்பதை வைத்து அவருக்கேற்ற விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்க இது உதவுகிறது. வலைப்பூவின் வழியாகவே இது நடப்பதால், அதை வாசகருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு வலைப்பூவை நடத்துபவரைச் சேர்கிறது. இப்பக்கம் கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

அப்பக்கத்தில் மூன்று செய்திகள் தவறாமல் இருக்க வேண்டும். கூகுள் உள்ளிட்ட வெளி நிறுவனங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகின்றன என்பது முதலாவது. வாசகர் இத்தளத்திற்கும் பிற தளங்களுக்கும் சென்றதன் அடிப்படையில் விளம்பரங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பது இரண்டாவது. அதை வாசகர் எவ்வாறு நிறுத்திக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. தமிழ் வலைப்பூவில் இதைத் தமிழிலேயே எழுதலாம். மாதிரி ஒன்று:

"இத்தளத்தில் விளம்பரங்களைக் காட்ட கூகுள் உள்ளிட்ட வெளி நிறுவனங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் இத்தளத்திற்கும் பிற தளங்களுக்கும் முன்பு வந்து சென்றதைக் கொண்டு உங்களுக்கான விளம்பரங்கள் தேர்ந்தெடுக்கப்படலாம். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் விளம்பரங்களை நீங்கள் விரும்பாவிட்டால், adssettings.google.com என்ற முகவரிக்குச் சென்று நிறுத்திக்கொள்ளலாம். இத்தளத்தின் தொடர்புப் படிவத்தில் நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உங்களுக்குப் பதில் அனுப்புவதற்கு மட்டுமே பயன்படுத்தப்படும்."

கடைசி வாக்கியம் தளத்திற்குத் தளம் மாறும். கருத்துப் பெட்டி, மின்னஞ்சல் சந்தா, வருகையாளர் எண்ணிக்கைக் கருவி ஆகியவற்றில் எவையெல்லாம் தளத்தில் உள்ளனவோ அவற்றைச் சொன்னால் போதும். இலவசமாக இக்கொள்கையை உருவாக்கித் தரும் தளங்களைப் பயன்படுத்துவோர் பலர், அதிலுள்ள மாதிரிப் பெயரை மாற்ற மறந்துவிடுகின்றனர். வேறொரு தளத்தின் பெயரோ, இல்லாத கடையின் பெயரோ கொள்கைப் பக்கத்தில் அப்படியே நிற்கும். "இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துவதில்லை" என்ற வரி பழைய மாதிரிகளில் காணப்படுவதும் உண்டு. அது விளம்பரம் காட்டப்போகும் தளத்தில் பொய்யான கூற்றாகிவிடும்.

தமிழ் வலைப்பூக்களுக்கு இங்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. அவற்றின் வாசகர்களில் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் வாழும் தமிழர்கள் உள்ளனர். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ள வாசகர்களிடம் குக்கிகளுக்கான இசைவைப் பெற, கூகுள் சான்றளித்த கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் விதியாக உள்ளது. சுவிட்சர்லாந்தும் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது. ஆட்சென்ஸ் கணக்கிலுள்ள "Privacy & messaging" என்ற பகுதியில் இதற்கான அறிவிப்பை இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம்.

பிற பக்கங்கள்

"எங்களைப் பற்றி", "தொடர்புக்கு", "பொறுப்புத் துறப்பு" ஆகியவை ஆட்சென்ஸ் கட்டாயமாகக் கேட்கும் பக்கங்கள் அல்ல. இருந்தாலும் இவற்றில் முதலிரண்டும் பயனுள்ளவை. எழுதுபவர் யார், அவருக்கு அப்பொருளில் என்ன பழக்கம், தவறு கண்டால் யாரிடம் சொல்வது என்ற கேள்விகள் வாசகருக்கு எழும். அவற்றுக்கு இப்பக்கங்கள் விடை தருகின்றன.

"எங்களைப் பற்றி" பக்கம் எந்தத் தளத்திற்கும் பொருந்துவதாக இருந்தால் பயன் இல்லை. "பயனுள்ள தகவல்களைத் தமிழ் மக்களுக்குக் கொண்டு சேர்ப்பதே எங்கள் நோக்கம்" என்பது எதையும் சொல்லவில்லை. "மதுரையில் 300 சதுர அடி மொட்டை மாடியில் காய்கறி வளர்க்கும் ஒருவரின் குறிப்புகள் இவை, இங்குள்ள படங்கள் அனைத்தும் அந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டவை" என்று இரண்டு வரி எழுதினால் தளத்தின் தன்மை புரிந்துவிடும். வீட்டு முகவரியையும் சொந்தக் கைப்பேசி எண்ணையும் இப்பக்கங்களில் வெளியிட வேண்டியதில்லை. வலைப்பூவுக்கெனத் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தால் போதும்.

மருத்துவம், முதலீடு, சட்டம் பற்றி எழுதும் வலைப்பூவுக்குப் பொறுப்புத் துறப்பு தேவை. சமையல் குறிப்புக்கோ பயணக் குறிப்புக்கோ அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

பிளாக்கரில் இப்பக்கங்களை "Posts" பகுதியில் எழுதாமல் "Pages" பகுதியில் உருவாக்க வேண்டும். தமிழில் தலைப்பிட்டு வெளியிட்டால் பக்கத்தின் முகவரி `/p/blog-page.html` என்று பொருளற்று அமையும். பிளாக்கர் தமிழ் எழுத்துகளை முகவரியில் சேர்ப்பதில்லை என்பதே காரணம். முதலில் `privacy policy` என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டு வெளியிட்டால் முகவரி `/p/privacy-policy.html` என அமையும். பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது. பதிவுகளுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. எழுதும் திரையின் வலப்புறமுள்ள "Permalink" பகுதியில், வெளியிடுவதற்கு முன்பே விரும்பிய முகவரியைத் தட்டச்சு செய்யலாம்.

பக்கங்களை உருவாக்கியபின் அவற்றின் இணைப்புகளை மேல் பட்டியிலோ அடிப்பகுதியிலோ சேர்க்க வேண்டும். எங்கிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் வாசகருக்கு இல்லாத பக்கமே.

சொந்த உள்ளடக்கம்

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் சொற்றொடர் "Low value content" என்பது. மதிப்புக் குறைந்த உள்ளடக்கம் என்பது இதன் பொருள். இந்த மறுப்பு வந்ததும் "ஒரு வரியைக்கூட நகலெடுக்கவில்லையே" என்று எழுதியவர்கள் வியப்படைகின்றனர். நகலெடுக்காமல் இருப்பது ஒன்று, வாசகருக்குப் புதிதாக ஏதேனும் தருவது வேறொன்று. ஆட்சென்ஸ் இரண்டையும் எதிர்பார்க்கிறது.

நாளிதழில் வந்த செய்தியை வேறு சொற்களில் எழுதுவது சொற்களால் புதியது, செய்தியால் பழையது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வெளியிடுவதும் இவ்வாறே; அனுமதியின்றிச் செய்தால் அது பதிப்புரிமை மீறலும் ஆகும். பிறரின் காணொளியை இணைத்து, மேலே இரண்டு வரி எழுதுவதும் சொந்த உள்ளடக்கமாகக் கருதப்படாது.

சட்டப்படி வெளியிட உரிமை இருந்தாலும் ஒப்புதல் கிடைக்காமல் போகலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய கல்கி போன்ற எழுத்தாளர்களின் நூல்களை எவரும் வெளியிடலாம். விக்கிப்பீடியா கட்டுரைகளையும் மூலத்தைக் குறிப்பிட்டு, அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் மறுபதிப்புச் செய்யலாம். ஆனால் 'பொன்னியின் செல்வன்' அத்தியாயங்கள் ஏற்கெனவே பல தளங்களில் உள்ளன. அவற்றை மீண்டும் ஏற்றிய வலைப்பூ, அதே உள்ளடக்கத்தின் இன்னொரு படியாக மட்டுமே பார்க்கப்படும். அதற்கு மாறாக, நாவலில் வரும் ஊர்களுக்கு நேரில் சென்று, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று படங்களுடன் எழுதினால் அது சொந்த உள்ளடக்கம்.

மாணவர்கள் நடத்தும் கல்வி வலைப்பூக்களிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பாடநூல், வினாத்தாள் ஆகியவற்றின் பி.டி.எப். கோப்புகளை மட்டும் தொகுத்துத் தரும் தளத்தில் மதிப்பிடுவதற்கு எழுத்தே இல்லை. அதே வினாத்தாளிலிருந்து ஐந்து கணக்குகளை எடுத்து, மாணவர்கள் எந்தப் படியில் தவறுகிறார்கள் என்பதைச் சொல்லித் தீர்த்துக் காட்டும் பதிவு வேறெங்கும் கிடைக்காது.

படங்களுக்கும் இது பொருந்தும். கூகுள் படத் தேடலில் கிடைக்கும் படம் எவருக்கோ சொந்தமானது. கைப்பேசியில் எடுத்த சுமாரான சொந்தப் படம், பிறரின் அழகான படத்தைவிட இங்கு மேலானது.

ஒரு பதிவை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். அதிலிருந்து எட்டுப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேட வேண்டும். வேறு தளங்கள் வந்தால் அது நகல். எதுவும் வராவிட்டால் அடுத்த கேள்வி: இப்பொருளில் தேடலின் முதல் ஐந்து முடிவுகளைப் படித்தவர், இப்பதிவில் புதிதாக எதைத் தெரிந்துகொள்வார்? விடை சொல்ல முடியாவிட்டால் பதிவு இன்னும் முடியவில்லை.

ஒரு பதிவு மாறும் விதம்

மாடித்தோட்டம் பற்றிய வலைப்பூ ஒன்றில் தக்காளிச் செடியின் இலைச்சுருட்டல் குறித்த பதிவு இருப்பதாகக் கொள்வோம். முதல் வடிவம் 250 சொற்கள். தக்காளி சத்துள்ள காய் என்று தொடங்கி, இலைகள் சுருண்டால் வேப்பெண்ணெய் தெளிக்கலாம் என்று முடிகிறது. படம் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதே செய்தி பல தளங்களில் உள்ளது.

இரண்டாவது வடிவம், எழுதியவரின் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறது. பன்னிரண்டு பைகளில் வைத்த செடிகளில் எவற்றில் முதலில் சுருட்டல் தெரிந்தது, அது மேலுள்ள இளம் இலைகளிலா கீழிலைகளிலா என்பதைப் படத்துடன் காட்டுகிறது. வெயில் அதிகமான மதியத்தில் மட்டும் இலை மடிந்து மாலையில் விரிந்தால் அது நோயன்று என்பதையும், இளம் இலைகள் மஞ்சளித்துச் சிறுத்து நிரந்தரமாகச் சுருண்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரசு நோய் என்பதையும் பிரித்துச் சொல்கிறது. வைரசு தாக்கிய செடி எந்த மருந்தாலும் தேறாது. வேப்பெண்ணெயும் மஞ்சள் ஒட்டும் அட்டையும் ஈயைக் குறைத்து மற்றச் செடிகளைக் காக்கவே உதவும் என்கிறது. எத்தனை செடிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது, எத்தனை தப்பின என்ற கணக்குடன் முடிகிறது.

இவ்வடிவம் 700 சொற்கள் வந்திருக்கலாம். நீளம் இங்குக் குறிக்கோள் அன்று. முதல் வடிவத்தைப் பொதுச் செய்திகளால் 700 சொற்களுக்கு இழுத்திருந்தால் மதிப்புக் கூடியிருக்காது.

தளத்தின் ஒழுங்கு

நல்ல பதிவுகள் இருந்தும் அவற்றை எட்ட முடியாவிட்டால் பயனில்லை. புதிய வலைப்பூக்களில் பட்டியில் பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் இருக்கும். பலவற்றைச் சொடுக்கினால் ஒரு பதிவுகூட இராது. இப்படிப்பட்ட தளம் கட்டி முடிக்கப்படாததாகத் தோன்றும். மூன்று நான்கு லேபிள்கள் மட்டும் வைத்து, ஒவ்வொன்றிலும் நான்கைந்து பதிவுகளாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

வெளியிலிருந்து பெற்ற வார்ப்புருக்களில் மாதிரிப் பட்டிகளும் செயல்படாத சமூக ஊடகச் சின்னங்களும் இருக்கும். வேர்டுபிரசில் "Hello world!" என்ற மாதிரிப் பதிவும் "Sample Page" என்ற பக்கமும் தாமாகவே வரும். இவற்றை நீக்க வேண்டும். கைப்பேசியில் தளத்தைத் திறந்து, பட்டியிலுள்ள ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும்.

ஆட்சென்சின் தானியங்கி நிரல் தளத்தைப் படிக்கவும் வழி இருக்க வேண்டும். `Mediapartners-Google` என்பது அதன் பெயர். பிளாக்கரின் இயல்பான அமைப்பு இதை அனுமதிக்கிறது. இணையத்தில் கண்ட `robots.txt` வரிகளை ஒட்டி இயல்பான அமைப்பை மாற்றியவர்களுக்கே சிக்கல் வருகிறது. தனிப்பட்ட வலைப்பூவாக, அழைக்கப்பட்டவர் மட்டும் படிக்கும்படி வைத்திருந்தாலும் மதிப்பீடு நடக்காது.

விண்ணப்பித்தல்

ஆட்சென்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி வலைப்பூவின் முகவரியைச் சேர்த்ததும், உரிமையை உறுதிசெய்ய ஒரு நிரல் வரி தரப்படும். பிளாக்கரில் அதை "Theme" பகுதியில் "Edit HTML" திறந்து, `<head>` என்ற வரியை அடுத்து ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினால் பிளாக்கர் பிழை காட்டிச் சேமிக்க மறுப்பதுண்டு. `async` என்ற சொல்லுக்கு மதிப்பு தரப்படாததே காரணம். அதைக் கீழ்வருமாறு திருத்தினால் சேமிக்க இயலும்:

```
<script async='async'
 src='https://pagead2.googlesyndication.com/pagead/js/adsbygoogle.js?client=ca-pub-0000000000000000'
 crossorigin='anonymous'></script>
```

பூச்சியங்கள் உள்ள இடத்தில் கணக்கிற்குரிய எண் வரும். அதே எண்ணுடன் `ads.txt` வரியையும் சேர்க்கலாம். பிளாக்கரின் "Settings" பகுதியில் "Enable custom ads.txt" என்பதை இயக்கி இதை ஒட்ட வேண்டும்:

```
google.com, pub-0000000000000000, DIRECT, f08c47fec0942fa0
```

இங்கு எண்ணுக்கு முன் `ca-` வராது. அதைச் சேர்த்துவிடுவது பரவலான பிழை.

மதிப்பீடு பெரும்பாலும் சில நாட்களில் முடியும். சில வேளைகளில் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை தளத்தின் நிலை "Getting ready" என்று காட்டப்படும். ஒப்புதல் கிடைத்தால் "Ready" என்றும், குறை இருந்தால் "Needs attention" என்றும் மாறும். காத்திருக்கும் நாட்களில் நிரல் வரியை நீக்குவதோ முகவரியை மாற்றுவதோ கூடாது.

மறுப்பு வந்தபின்: ஓர் எடுத்துக்காட்டு

மேற்சொன்ன மாடித்தோட்ட வலைப்பூ 32 பதிவுகளுடன் விண்ணப்பித்து, "Low value content" என்ற மறுப்பைப் பெற்றதாகக் கொள்வோம். உடனே மறுமதிப்பீடு கேட்பதால் பயனில்லை. தளம் மாறாதவரை விடையும் மாறாது. முதலில் எல்லாப் பதிவுகளையும் ஒரு தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வகை என்று குறிக்க வேண்டும்.

அப்படிக் குறித்ததில் 10 பதிவுகள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை. 11 பதிவுகள் நாளிதழ்களையும் பிற வலைப்பூக்களையும் படித்துத் திருப்பி எழுதப்பட்டவை. 6 பதிவுகளில் பிறரின் காணொளியும் இரண்டு வரிகளும் மட்டுமே உள்ளன. மீதி 5 பதிவுகள் பொங்கல், தீபாவளி வாழ்த்துப் படங்கள். அதாவது தளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, வாசகர் வேறெங்கும் காணக்கூடியது.

வாழ்த்துப் பதிவுகள் ஐந்தும் நீக்கப்படுகின்றன. காணொளிப் பதிவுகளில் நான்கு நீக்கப்பட்டு, சொந்தமாகச் செய்து பார்த்த இரண்டு மட்டும் படங்களுடன் முழுமையாக எழுதப்படுகின்றன. திருப்பி எழுதிய 11 பதிவுகளில் மண் கலவை பற்றி மூன்றும், உரம் பற்றி நான்கும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்கின்றன. அவை மண் கலவைக்கு ஒன்று, உரத்துக்கு ஒன்று எனச் சொந்த அளவுகளுடன் புதிதாக எழுதப்படுகின்றன. மீதி நான்கில் இரண்டு திருத்தப்பட்டு, இரண்டு நீக்கப்படுகின்றன. இப்போது கையில் இருப்பவை 10, 2, 2, 2 என மொத்தம் 16 பதிவுகள். அடுத்த சில வாரங்களில் நான்கு புதிய பதிவுகள் சேர்ந்து 20 ஆகின்றன. பதினான்கு லேபிள்கள் நான்காகக் குறைகின்றன. நீக்கிய பதிவுகளுக்குச் சென்ற இணைப்புகள் பட்டியிலும் பிற பதிவுகளிலும் இருந்தால் அவையும் அகற்றப்படுகின்றன.

எண்ணிக்கை 32லிருந்து 20ஆகக் குறைந்தது. வேறெங்கும் கிடைக்காத பதிவுகள் 10லிருந்து 20ஆகக் கூடின. மறுமதிப்பீட்டுக்குத் தயாரான நிலை இதுவே. தேடுபொறி மாற்றங்களைக் கண்டுகொண்டதா என்பதை, `site:` என்பதை அடுத்து வலைப்பூ முகவரியைத் தட்டச்சு செய்து தேடிப் பார்க்கலாம். நீக்கிய பதிவுகள் மறைந்து புதியவை தோன்றத் தொடங்கியபின், ஆட்சென்ஸ் கணக்கில் குறைகளைச் சரிசெய்துவிட்டதாக உறுதியளிக்கும் கட்டத்தைக் குறித்து "Request review" அளிக்க வேண்டும். இதன்பின்னும் ஒப்புதல் உறுதி என்று சொல்ல இயலாது. ஆனால் மறுப்பு வந்தால், காரணத்தைத் தேட வேண்டிய இடம் சுருங்கியிருக்கும்.

ஒப்புதலுக்குப் பின்

ஒப்புதல் கிடைத்ததும் பணம் வரத் தொடங்கிவிடாது. கணக்கில் வருவாய் 10 டாலரை எட்டியதும், முகவரியைச் சரிபார்க்கும் பின் எண் அஞ்சலில் அனுப்பப்படும். கணக்கில் தந்த முகவரி அஞ்சல்காரர் கண்டுபிடிக்கும்படி முழுமையாக இருக்க வேண்டும். 100 டாலர் சேர்ந்தபின் வங்கிக்கு மாற்றப்படும். வாசகர் குறைந்த வலைப்பூவுக்கு இத்தொகை சேர மாதங்கள் ஆகலாம்.

அவசரத்தில் தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் கணக்கு முடக்கப்படக் காரணமாகும். ஒப்புதலுக்காக மட்டும் நல்ல பதிவுகளை எழுதிவிட்டு, பிறகு நகல் பதிவுகளுக்குத் திரும்பினாலும் விளம்பரங்கள் நிறுத்தப்படலாம். ஒப்புதலுக்குப் பின்னும் தளம் அதே விதிகளின்படி தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது.